ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு: மூக்கு, காது, புருவ முடியும் நரையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் முடி கொட்டிக்கொண்டே போகிறது. காதிலும் மூக்கிலும் மட்டும் ஏன் இப்படி வளர்கிறது?

இரண்டையும் செய்வது ஒரே சுரப்புநீர்தான். ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி, டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியம் கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. உச்சந்தலையில் உள்ள முடிவேர்ப் பைகள், மரபு அப்படி அமைந்தவர்களுக்கு, அதன் தாக்கத்தால் சிறுத்துப்போகின்றன. காதின் விளிம்பிலும் மூக்குத் துளையிலும் உள்ள வேர்ப் பைகளோ அதே சுரப்புநீரால் தடிக்கின்றன. அதுவரை கண்ணுக்கே தெரியாத பூனை முடி, பல ஆண்டுகள் தாக்கம் சேர்ந்தபின் கறுத்து நீண்ட முடியாகிறது. அதனால்தான் இது இருபதில் தெரியாமல் ஐம்பதில் தெரிகிறது.

புருவத்தில் நடப்பது சற்று வேறு. புருவ முடி ஒன்றிரண்டு மாதம் வளரும், நின்றுவிடும், பிறகு உதிரும். அதனால்தான் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோடு நிற்கிறது. வயது கூடும்போது சில முடிகளுக்கு மட்டும் அந்த வளரும் காலம் நீண்டுவிடுகிறது. மற்றவை ஒழுங்காக இருக்க, ஒன்றிரண்டு மட்டும் கொக்கிபோல் வளைந்து நெற்றிப் பக்கம் நிமிர்வதற்கு இதுவே காரணம்.

மழித்தால் தடிப்பாக முளைக்கும் என்ற பயம் வேண்டாம். முடியின் தடிப்பைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் உள்ள வேர்ப் பை. வெட்டிய முனை மழுங்கியிருப்பதால் தடவும்போது சொரசொரக்கிறது, அவ்வளவுதான்.

வழுக்கைக்கு மினாக்ஸிடில் எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நெற்றி, புருவம், காது, கன்னம் ஆகிய இடங்களிலும் முடியை வளரவைக்கலாம். மாத்திரையாக எடுப்பவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். மருந்து தொடங்கிய சில மாதங்களில் முகத்தில் முடி கூடினால், அதைத் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூக்கு முடியை எப்போதும் விரலால்தான் பிடுங்குவேன். இதில் என்ன கெடுதல்?

பிடுங்கும் ஒவ்வொரு முறையும் வேர் இருந்த இடத்தில் ஒரு சின்னத் துளை திறக்கிறது. மூக்கின் முன்வாசல் பலருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நிரந்தரமாகக் குடியிருக்கும் இடம். தோல் முழுமையாக இருக்கும்வரை அது ஒன்றும் செய்வதில்லை. துளை திறந்ததும் உள்ளே போகிறது. முதல் அறிகுறி, மூக்கின் நுனியைத் தொட்டால் வலிப்பது. ஓரிரு நாளில் உள்ளே பொருக்குத் தட்டும், அல்லது சிவந்து ஒரு கட்டி எழும்பும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தகைய கட்டி எளிதில் வரும், ஆறுவதும் தாமதமாகும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதல் என்பதால், நம் வீடுகளில் இந்தப் பழக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கட்டியைப் பிதுக்கவே கூடாது. மூக்கும் மேலுதடும் சேர்ந்த பகுதியின் ரத்த நாளங்கள் கண்ணுக்குப் பின்புறமாக மண்டைக்குள் உள்ள நாளங்களோடு தொடர்பு கொண்டவை. தொற்று அந்த வழியாகப் பின்னோக்கிப் போவது மிக அரிது. ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து. ஒத்தடம் மட்டும் கொடுங்கள்: வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. இரண்டு நாளில் தணியாவிட்டால் பேட்டையில் உள்ள மருந்தகத்துக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ போங்கள். பெரும்பாலும் மூக்கினுள் தடவும் கிருமிக்கொல்லிக் களிம்பு தருவார்கள். வீக்கம் கன்னத்துக்கோ இமைக்கோ ஏறினாலும், காய்ச்சலோடு கடுமையான தலைவலி வந்தாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மெழுகு வைத்து மொத்தமாக இழுப்பதற்கும் இதே காரணத்தால் நாங்கள் ஆதரவு தரமாட்டோம். முடியைக் கரைக்கும் கிரீம் இன்னும் மோசம். அது கைகால் தோலுக்கு என்று செய்த காரம். மூக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய ஈரத் தோலை அது வேகவைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூக்கு முடி தூசியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மூக்கு வறண்டு பொருக்குத் தட்டுவதும் எரிச்சலும் கூடும். புகைமூட்டக் காலத்தில் இது நன்றாகவே தெரியும். நேராகப் பார்க்கும்போது துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் குறைத்தால் போதும்.

அப்படியானால் மூக்கு முடியை எப்படி வெட்டுவது? டிரிம்மர் வாங்கினேன், முடியைப் பிடித்து இழுக்கிறது.

இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரிதான். மூக்கு டிரிம்மரின் கத்தி வேகமாகச் சுழன்றால்தான் முடியை வெட்டும். பேட்டரி இறங்கியதும் சுழற்சி தளர்ந்து, வெட்டுவதற்குப் பதில் முடியைச் சுற்றிக்கொள்கிறது. சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அன்றைக்குப் பயன்படுத்தாதீர்கள். புதுப் பேட்டரி போட்டும் இழுத்தால், முனைக்குள் பழைய முடியும் சளியும் காய்ந்து அடைத்திருக்கும். முனையைக் கழற்றி, தூரிகையால் தட்டி, கழுவலாம் என்று குறிப்பில் இருந்தால் மட்டும் குழாய் நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குளியலறையிலேயே மூடிபோட்டு வைத்தால் உள்ளே துருப்பிடிக்கும். படுக்கையறை மேசையில் வையுங்கள். இத்தனையும் செய்து இழுத்தால் கத்தி மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

செய்யும் முறை இது. முதலில் மூக்கைச் சிந்தி, ஈரத்தைத் துடையுங்கள். ஈரமாக இருந்தால் முடி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கத்திக்கு அகப்படாது. கண்ணாடி முன் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, ஒரு விரலால் மூக்கு நுனியை மேலே தூக்குங்கள். டிரிம்மரை வெளியிலேயே ஓடவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுபோங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். சுவரில் அழுத்தாமல் மெல்ல ஒரு வட்டம். ஒரு துளைக்கு 10, 15 விநாடி போதும். எடுக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உள்ளே இருக்கும்போது நிறுத்தினால் பாதி வெட்டிய முடி கத்தியில் சிக்கி இழுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் பலருக்கும் போதுமானது.

டிரிம்மர் பிடிக்காதவர்கள் முனை உருண்ட சின்னக் கத்தரிக்கோலைப் பயன்படுத்தலாம். கூர்முனைக் கத்தரி வேண்டாம். இரு துளைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ரத்த நாளங்கள் மேலோட்டமாக ஓடுகின்றன. ஆஸ்பிரினோ ரத்தத்தை நீர்க்கவைக்கும் வேறு மருந்தோ எடுப்பவர்களுக்கு ஒரு சிறு கீறல்கூட நீண்ட நேரம் ரத்தம் ஒழுகவைக்கும். அப்படி ஒழுகினால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பாதியை 10 நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடிதிருத்துபவர் காதுக்குப் பிளேடு போடுகிறார். அது சரியா? காது ஓட்டைக்குள் இருக்கும் முடியை என்ன செய்வது?

காதை மூன்று இடங்களாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலாவது, வெளி விளிம்பும் காது மடலின் கீழ்நுனியும். இங்கே பிளேடு போடலாம், மெழுகும் போடலாம், நூலும் வைக்கலாம். தேக்கா பக்கம் உள்ள கடைகளிலும் பேட்டையில் உள்ள கடைகளிலும் இது வழக்கமான வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கண்ணெதிரே புதுப் பிளேடு மாற்றப்பட்டதா? விளிம்புத் தோலுக்கு அடியில் உடனே குருத்தெலும்பு. அங்கே தொற்று ஏற்பட்டால் காது சிவந்து தடிக்கும், ஆறவும் நாளாகும். பழைய பிளேடு என்று சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காதுத் துளையின் வாசலை மறைத்தாற்போல் முன்பக்கம் நிற்கும் சிறு மேடு. ஐம்பது வயது ஆணுக்குக் கொத்தாக முடி வளர்வது இங்கேதான். டிரிம்மரோ உருண்டை முனைக் கத்தரியோ இதற்குப் பொருத்தம். பிளேடு இந்த வளைவில் சரியாக உட்காராது, கீறிவிடும். வெட்டும் முன் துளையின் வாசலில் ஒரு பெரிய பஞ்சு உருண்டையைத் தளர்வாக வையுங்கள், உள்ளே திணிக்க வேண்டாம். தலையைச் சாய்த்து, வெட்டும் காது தரையைப் பார்த்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டு உள்ளே விழுந்து செவிப்பறையில் படிந்தால், மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் காதுக்குள் சரசரவென்று சத்தம் கேட்கும். பலர் இதைப் புதிதாக வந்த காது நோய் என்று பயந்துபோகிறார்கள். கேட்டால், முடிவெட்டி ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும்.

மூன்றாவது, துளையின் உள்பகுதி. இங்கே நீங்களும் கை வைக்க வேண்டாம், முடிதிருத்துபவரும் வைக்க வேண்டாம். காதுக் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப் பகுதியில்தான் முடியும் காதுமெழுகைச் சுரக்கும் சுரப்பிகளும் இருக்கின்றன. மெழுகு உள்ளிருந்து வெளியே தானாக நகர்ந்து வரும். குச்சியோ டிரிம்மரோ உள்ளே போனால் அது வந்த வழியே திரும்பி ஆழத்தில் இறுகிவிடும். மூக்கு டிரிம்மரின் முனை காதிலும் நுழையும் என்பதால் நுழைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வெளியே தெரியும் முடியின் நுனியோடு நின்றுவிடுங்கள்.

செவித்துணைக் கருவி அணிபவர்களுக்கு மட்டும் உள்முடி ஒரு நிஜத் தொந்தரவு. முடியால் கருவி சரியாகப் பொருந்தாமல் ஒலி கசிந்து விசில் அடிக்கலாம். அப்போதும் வீட்டில் முயலாமல், காது மருத்துவரிடம் மெழுகு எடுக்கும்போதே அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மனைவி சொன்னால்தான் காதில் முடி இருப்பதே தெரிகிறது. எனக்கு ஏன் கண்ணில் படவில்லை?

வெள்ளெழுத்துதான் காரணம். கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் உள்ளது மங்குகிறது, போட்டுக்கொண்டால் அதன் காம்பு காதையும் அதன் விளிம்பு புருவத்தையும் மறைக்கிறது. போதாக்குறைக்கு வீவக வீட்டுக் குளியலறையில் விளக்கு தலைக்கு மேலே இருக்கும். மூக்குக்குக் கீழும் காதுக்குள்ளும் நிழல் விழுந்துவிடும். ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் மேசைக் கண்ணாடி ஒன்று வாங்கி, பகலில் சன்னலோரம் உட்கார்ந்து செய்யுங்கள். காது விளிம்பைப் பார்க்க, சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் வெள்ளை முடியும் பளிச்சென்று தெரியும். வீட்டில் உள்ளவரிடம் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்வது இதைவிட நல்லது.

புருவ முடி நீண்டு கண்ணாடியில் இடிக்கிறது. மழிக்கலாமா, பிடுங்கலாமா?

இரண்டும் வேண்டாம். சீவி, நுனியை வெட்டுங்கள். பழைய பல்துலக்கி ஒன்றால் புருவத்தை நேர் மேலே சீவுங்கள். புருவத்தின் மேல் எல்லைக்கு அப்பால் நீட்டும் முடியை மட்டும், ஒவ்வொன்றாக, எல்லையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். எல்லையோடு ஒட்ட வெட்டினால், முடி மீண்டும் படியும்போது இடையில் பள்ளம் விழுந்து தோல் தெரியும். வெளிமுனைக்கு வரும்போது கீழ்நோக்கிச் சீவி அதேபோல் செய்யுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு இயல்பான திசையில் சீவிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும்.

முடிவெட்டும் கடையில் செய்துகொள்பவர்கள், சீப்பை வைத்து அதற்கு மேல் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட அவசர வெட்டில் தலைக்கு ஓட்டிய இயந்திரத்தையே, முன்சீப்பு மாட்டாமல், புருவத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்துவிடுவதும் நடக்கும். பிறகு புருவம் பழையபடி வர ஓரிரு மாதம் பிடிக்கும்.

பிடுங்கவேண்டிய ஒரே இடம் இரு புருவங்களுக்கும் நடுவே முளைக்கும் சில முடிகள். குளித்தபின், முடி சாயும் திசையிலேயே இழுங்கள். புருவத்தின் மேல்கோட்டில் கை வைக்காதீர்கள். வயது ஏறும்போது புருவம் தானாகவே கொஞ்சம் இறங்குகிறது. மேலிருந்து குறைத்தால் இன்னும் தாழ்ந்து கண் சோர்ந்து தெரியும். நூல் வைத்து அழகுநிலையத்தில் செய்துகொண்டால், வில்போல வளைக்காமல் இருக்கும் கோட்டையே ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள்.

புருவம் நீள்வது வயதின் வேலை. உதிர்வது அப்படியல்ல. வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு மட்டும் மெலிந்துபோனால், அதோடு களைப்பும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் இருந்தால், தைராய்டு குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போனால் தோல் மருத்துவர் பார்க்கட்டும்.

நரைமுடி ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு முளைக்குமா?

முளைக்காது. ஒரு வேர்ப் பையிலிருந்து மீண்டும் அதே முடிதான் வரும், வெள்ளையாகவே வரும். நிறமி செய்யும் செல்களை அந்த வேர்ப் பை இழந்துவிட்டது. எண்ணெயோ மூலிகையோ அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதாக நம்பகமான சான்று இல்லை. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் சிதைந்து அந்த இடமே மெலியும். மீசையிலும் நெற்றியோரத்திலும் பிடுங்குபவர்களுக்கு இது சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.

பல வருடமாகத் தலைக்குக் கறுப்புச் சாயம் போடுகிறேன். இப்போது காதோரம் அரிக்கிறது. இத்தனை நாள் ஒத்துக்கொண்டது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?

இந்த ஒவ்வாமை அப்படித்தான் வரும். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, பாரா ஃபெனிலீன் டையமீன் என்ற பொருள், சுருக்கமாகப் பிபிடி. உடலின் எதிர்ப்பாற்றல் அதை எதிரியென்று அடையாளம் கண்டுகொள்ள ஒரு முறை போதும், இருபது ஆண்டும் ஆகலாம். அடையாளம் கண்டபின் மறப்பதில்லை. அதனால் முதல் தடவை காதோரத்தில் அரிப்பு, அடுத்த தடவை நெற்றியில் தடிப்பு, அதற்கும் அடுத்த தடவை கண்ணிமை வீங்கி மூடிக்கொள்வது என்று வளர்ந்துகொண்டே போகும். இது சாயம் போட்ட உடனே வருவதில்லை, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வருகிறது. ஆகவே பலர் சாயத்தைச் சந்தேகிக்காமல் அன்றைக்குச் சாப்பிட்ட இறாலைக் குற்றம் சொல்கிறார்கள்.

அரிப்பு வந்துவிட்டால் அந்தச் சாயத்தை நிறுத்துங்கள். வேறு நிறுவனத்தின் பொட்டியை எடுத்து வீட்டில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் தோல் சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். முதுகில் சிறு சிறு ஒட்டுகளாகப் பொருள்களை வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்து, பின்னர் மீண்டும் ஒருமுறை பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மூச்சு வாங்கினாலோ உதடும் நாக்கும் வீங்கினாலோ உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

கடையில் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. அம்மோனியா இல்லை என்று அட்டையில் போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று பொருளல்ல. அம்மோனியா முடியைத் திறக்க, பிபிடி நிறத்துக்கு. ஒன்று இல்லாமல் மற்றது இருக்கும். இரண்டாவது கறுப்பு மருதாணி. மருதாணி இலை வெள்ளை முடியில் செம்மஞ்சள் நிறத்தைத்தான் தரும், அதற்கும் சில மணி நேரம் தலையில் ஊற வேண்டும். அவுரிப் பொடியைத் தனியாக இரண்டாவது தடவை போட்டால்தான் கறுக்கும். ஒரே பொட்டலம், அரை மணி நேரம், கன்னங்கறுப்பு என்றால் உள்ளே சாயப் பொருள் கலந்திருக்கிறது. பொட்டலத்தின் பின்புறம் பொருள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் கோளாறான ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்குச் சுத்தமான மருதாணியும் ஆகாது.

தலை கறுப்பு, மீசையும் புருவமும் வெள்ளை. தலைச்சாயத்தையே கொஞ்சம் புருவத்தில் தடவலாமா?

கூடாது. சாயப் பொட்டிகளிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். 1930களில் அமெரிக்காவில் பிபிடி கலந்த ஓர் இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். 1938இல் அங்கே அழகுப் பொருள்களுக்கும் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர் வியர்வையில் புருவத்தில் போட்டது கண்ணுக்குள் இறங்க நேரமாகாது. மீசைக்கு மீசைக்கென்றே விற்பதை மட்டும் போடலாம், சோதித்த பிறகு.

இந்தப் பொருத்தமின்மைக்குத் தீர்வு புருவத்தைக் கறுப்பாக்குவதில் இல்லை, தலையின் நிறத்தை இறக்குவதில் இருக்கிறது. பொட்டியில் நிற எண் இருக்கும். 1 என்றால் முழுக் கறுப்பு, 3 கரும்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு. நம் தோல் நிறத்துக்கு ஐம்பதுக்கு மேல் 1 பொருந்துவதே இல்லை என்பது எங்கள் முடிவு. முகத்தின் நிறமும் புருவமும் மென்மையாகிவிட்டன, தலை மட்டும் இரும்புக் கறுப்பாக நின்றால் அது சாயம் என்று எதிர்ச்சாரியில் நடப்பவருக்கும் தெரியும். 3ஐ எடுத்து, வெள்ளை முடி கொஞ்சம் கலந்து தெரியும்படி விடுங்கள்.

இன்னும் மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். எனக்கு 54 வயது, தலையில் பாதி நரை, இதுவரை சாயம் போட்டதில்லை. எதை எப்போது செய்வது?

21 நாள் முன்பே சாயப் பொட்டியை வாங்கிவிடுங்கள், 3 எண் நிறம், இரண்டு பொட்டி ஒரே வகை. பொட்டியில் சொன்னபடி சிறிதளவை எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு காசு அளவு தடவி, 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ இருந்தால் இந்தக் கல்யாணத்துக்குச் சாயம் இல்லை என்று அன்றே முடிவாகிவிடும். நரையோடு நல்ல வெட்டு போதும். சோதனையை இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம், ஒவ்வாமை வந்தால் தோல் தணிய ஓரிரு வாரம் ஆகலாம்.

7 நாள் முன்பு முடி வெட்டுங்கள், புருவமும் அன்றே. நூலோ மெழுகோ புதிதாக முயல்வதாக இருந்தால் இதுவே கடைசி நாள். அதன் பிறகு செய்தால் சிவந்த பருக்கள் படத்தில் தெரியும்.

5 நாள் முன்பு சாயம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே ஐந்து நாளில் வெளியே வரும் வெள்ளை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. நெற்றியில் படிந்த கறை மறையவும், முதல் இரண்டு நாள் வியர்வையோடு சட்டைக் கழுத்தில் இறங்கும் நிறம் நிற்கவும் இந்த இடைவெளி வேண்டும். நெற்றியோரத்திலும் காதிலும் வாசலின் தடவி, கையுறை போட்டு, உலர்ந்த தலையில் நரை கூடுதலான கிருதாப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பொட்டியில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்காதீர்கள். இரண்டாவது பொட்டி, நடுவில் போதாமல் போனால் கைகொடுக்க. முதல் தடவை என்பதால் முழுத் தலைக்கும் போடுகிறீர்கள். அடுத்த மாதம் முளைத்த வேருக்கு மட்டும் போடுங்கள். பழைய முடியின்மேல் திரும்பத் திரும்பப் போட்டால் நிறம் அடுக்கடுக்காகச் சேர்ந்து மீண்டும் அந்த இரும்புக் கறுப்புக்கே போய்விடும். நீச்சல் குளத்தைக் கல்யாணம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

2 நாள் முன்பு மூக்கும் காதும். சின்னக் கீறல் விழுந்தாலும் அதற்குள் ஆறிவிடும். முகச்சவரம் கல்யாணத்தன்று காலையில்.

சாயத்தையே விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். இரண்டு நிறமாகத் தெரியாமல் எப்படி நிறுத்துவது?

ஆண்களுக்கு இது எளிது, ஏனென்றால் முடி குட்டை. நான்கு சென்டிமீட்டர் முடி என்றால் நான்கு மாதத்தில் சாயம் பட்டது முழுவதும் வெட்டுப்பட்டுவிடும். கடைசியாகப் போட்ட சாயத்துக்குப் பிறகு பக்கங்களை மிகக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் நரை முதலில் தெரிவது அங்கேதான். மேலே மட்டும் நீளம் விடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டால் கோடு பெரிதாகத் தெரியாது. முதலில் 3, பிறகு 4 என்று நிறத்தை இறக்கி நிறுத்தலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது பலிக்காது, இருக்கும் கறுப்புச் சாயத்தின்மேல் வெளிர்ச்சாயம் ஏறாது.

தைப்பூசத்துக்கோ பழனி, திருப்பதிப் பயணத்திலோ மொட்டை போடுபவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. முளைப்பது முழுக்க இயல்பான நிறம். மொட்டை அடித்த தலையில் சில வாரம் எந்தச் சாயமும் போடாதீர்கள், பிளேடு பட்ட தோலின் வழியே அது எளிதில் உள்ளே இறங்கும். குடையோ தொப்பியோ இல்லாமல் வெளியே போகவும் வேண்டாம்.

வெள்ளை முடிக்கு வரும் ஒரே சிக்கல் மஞ்சள் பூப்பது. வெயிலும் சிகரெட் புகையும் முக்கியக் காரணங்கள், மஞ்சளும் குங்குமப்பூவும் பட்டாலும் நிறம் ஏறும். வாரம் ஒருமுறை ஊதா நிற ஷாம்பு போட்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவினால் மஞ்சள் தணியும். அதற்கு மேல் விட்டால் முடி லேசான ஊதாவாகத் தெரியும். அப்படி ஆனால் சாதாரண ஷாம்புவால் இரண்டு மூன்று முறை கழுவினால் போய்விடும்.